ஓரத்தில் நின்ற தகப்பன்

புதுக்குடியிருப்பில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் ஸ்டூடியோ. கணினியும் இரண்டு கமராக்களும் உள்ள ஒரே அறை. திரைச்சீலைக்குப் பின்னால் என் கட்டில். வீட்டார் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். நான் மட்டும் இங்கே நின்றுவிட்டேன். மற்றவர்களின் கலியாணங்களை வெட்டி ஒட்டுவது என் தொழில். மழைக்காலத்தில் அந்த வீடியோக்களில் கேட்கும் சிரிப்பைத் தவிர வேறு மனிதக் குரல் கேட்காமலே நாட்கள் போகும்.

கொக்கிளாயில் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பெண்ணின் கலியாணத்துக்குப் போயிருந்தேன். தாய் இறந்து இரண்டு வருடம். திருமணம் முடிந்து சில வாரத்தில் அவள் கணவனோடு பிரான்சுக்குப் போக இருந்தாள். வீடியோ அங்கே மாமியார் வீட்டு ரீவியிலும் ஓட வேண்டும், சிநேகிதிகளின் போனிலும் ஓட வேண்டும், முகநூலிலும் போட வேண்டும் என்றாள்.

அகலமாக ஃபோர்கே தரத்தில் எடுத்து, ஆட்களை நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்தையும் வெட்டிப் போனுக்கு நெடுக்குவாட்டுப் படமும் செய்யலாம் என்று சொன்னேன். விநாடிக்கு இருபத்தைந்து பிரேம் வைத்தேன். பிரான்ஸ் ரீவிக்கு அது இயல்பு. எங்கள் கோயில்களின் ரியூப் லைட்டும் அதில் துடிக்காது. முப்பதில் எடுத்தால் ஷட்டரைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

என் புதிய கமரா மணமக்களோடே நடந்தது. பழையது அதைவிடத் தரம் குறைந்த ஃபுல் எச்டி மட்டுந்தான் எடுக்கும். அதை பீடத்தின் பக்கத்தில் முக்காலியில் நிறுத்தி, சனம் இருக்கும் பக்கம் திருப்பிவிட்டேன். தகப்பனுக்குக் காலில் புண் என்பதால் தாய்மாமன்தான் பெண்ணைக் கூட்டி வந்தார். தகப்பன் முன்வரிசை மர வாங்கில், தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

போனுக்கான மூன்று நிமிடப் படத்தை முதலில் அனுப்பினேன். எல்லோரும் பாராட்டினார்கள். அவள் பிரான்சுக்குப் போய் இரண்டு மாதத்தில், தகப்பன் பஸ் பிடித்து என் படிகளில் ஏறி வந்தார். கதிரை கொடுத்தேன். தன் போனை நீட்டினார்.

"பிள்ளை, நான் கலியாணத்துக்கு வந்தனான்தானே?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. மணமக்களை நடுவில் வைத்து இரண்டு பக்கத்தையும் வெட்டியபோது, தூணோரம் நின்றவர் படத்துக்கு வெளியே போய்விட்டார். குடும்பப் படத்திலும் அவர் கடைசி ஆள்தான். ஒருமுறைகூட அவர் முகம் வரவில்லை. நான் பலமுறை பார்த்த படம் அது. கவனிக்கவேயில்லை.

அகலப் படத்தை ரீவிக்கென்று அனுப்பியிருந்தேன், மகள் அதைப் பார்த்திருப்பாளே என்றேன். அவள் வேலைக்குப் போகும் ரயிலில் போனில்தான் பார்க்கிறாளாம். 'அப்பா, நீங்கள் எங்கே நின்றனீங்கள்?' என்று அவளே கேட்டாளாம்.

பழைய கமராவின் பதிவைத் திறந்தேன். திரையின் இடது ஓரத்தில் அவர் நின்றார். நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். ஃபுல் எச்டி படத்தில் அந்த ஒடுங்கிய துண்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் புள்ளி அகலம்தான். போன் அளவுக்குப் பெருப்பித்ததும் முகம் மாவாகக் கரைந்தது. முழு அகலத்தையும் நெடுக்குத் திரைக்குள் வைத்தால் அவர் நகத்தளவு ஆனார்.

"தெளிவாத் தெரியாதோ?" என்றார் மெதுவாக.

பிறகு சதுரமாக வெட்டினேன். படத்தின் உயரம் ஆயிரத்து எண்பது புள்ளி, அகலமும் அவ்வளவே. எதையும் பெருப்பிக்கத் தேவையில்லை. முகம் எடுத்தபடியே நின்றது. சதுரம் அகலமானதால் அவருக்குப் பக்கத்து வாங்கும் உள்ளே வந்தது. அந்த இடத்தில் யாரும் இல்லை. பெற்றோருக்கென்று ஒதுக்கிய வாங்கு. மோதிரம் மாற்றும்போது அவர் மகளைப் பார்த்தார், பிறகு அந்த வெறும் இடத்தைப் பார்த்தார், கையால் வாயைப் பொத்தினார்.

அந்தத் துண்டு ஓடி முடிந்தது. கீழே கடையில் யாரோ சேலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதை அனுப்பட்டோ ஐயா?" என்று கேட்டேன்.

தன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அவளுக்கு மட்டும் அனுப்புங்கோ. சனத்துக்குப் போட வேண்டாம்."

அனுப்பினேன். பின்னேரம் அவள் எனக்கு அழைத்தாள். அழுது முடித்த குரல். அப்பாவை அப்படி ஒருநாளும் கண்டதில்லை என்றாள். அம்மாவின் இடத்தில் தாய்மாமனின் மனைவியையாவது இருத்தியிருக்கலாம், யாருக்கும் நினைவு வரவில்லை என்றாள். அதற்குள் தகப்பன் பஸ்ஸில் பாதி வழி தாண்டியிருப்பார்.

நான் 'ஓம்' என்றேன். அழைப்பு முடிந்ததும் அறை மிகவும் பெரிதாகத் தெரிந்தது. அகல வீடியோவை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, ஓரங்களில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.