நேரம் தீர்ந்தபோது கணக்கில் வராதவர்கள்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஸ்கேல் டீச்சர்'. அடிக்கிறவள் என்பதால் அல்ல, எதையும் இம்மி பிசகாமல் செய்கிறவள் என்பதால். கணக்கு டீச்சருக்கு அது பெருமைதான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அரையாண்டுக் கணக்குத் தேர்வை இந்த முறை கணினியிலேயே வைக்கச் சொன்னார் தலைமையாசிரியர். "நேரம் முடிஞ்ச கையோட மார்க் வந்துடணும் டீச்சர். அலுவலகத்துல அப்படியே பெத்தவங்களுக்கு மெசேஜ் தட்டி விட்டுடுவாங்க. யார் முதல் பிரிவுல இருப்பாங்கன்னும் அதை வெச்சே முடிவு பண்ணிடலாம்."

அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பள்ளியின் கற்றல் தளத்தில் தேர்வைக் கட்டினாள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை ஆளுக்கு ஆள் வரிசை மாறும்படி அமைத்தாள். எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் தசமம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சரி என்று எடுத்துக்கொள்ளச் சிறு இடைவெளி கொடுத்தாள். நேர வரம்பைப் போட்டாள். 'நேரம் தீர்ந்தால்' என்ற இடத்தில் மூன்று வழிகள் இருந்தன. பாதியில் நிற்கும் விடைத்தாள்கள் தானாகச் சமர்ப்பிக்கப்படும் என்றது முதலாவது. சமர்ப்பிக்க மட்டும் சற்று அவகாசம் தந்தது இரண்டாவது. நேரத்துக்குள் சமர்ப்பித்தால் மட்டுமே கணக்கில் வரும் என்றது மூன்றாவது. மணி அடித்தால் பேனாவைக் கீழே வைப்பதுபோல என்று நினைத்து மூன்றாவதைத் தட்டினாள். பேனாவை வைத்த பிறகும் தாளை வாங்கித் திருத்துவோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மாணவர் கணக்கில் தானே ஒருமுறை எழுதியும் பார்த்தாள். மளமளவென்று முடித்து, சமர்ப்பித்து, மதிப்பெண் வந்ததும் திருப்தியாக மூடினாள். நேரம் தீரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

தேர்வன்று கணினி அறையில் விசைகளின் சத்தம் மட்டும் இருந்தது. மூலைக் கணினியில் உட்கார்ந்தவளை வகுப்பே 'பூனை' என்று கூப்பிடும். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் போட்ட கணக்கை இரண்டாம் முறை சரிபார்க்காமல் நகரமாட்டாள். திரையில் இறங்கிக்கொண்டிருந்த நேரம் சிவப்பாக மாறியபோதும் அவள் தாளில் எதையோ வகுத்துக்கொண்டிருந்தாள்.

நேரம் தீர்ந்தது. அறையில் பாதிப்பேர் முகம் மலர்ந்தது. மீதிப்பேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், எனக்கு மார்க் வரலை," என்றாள் பூனை.

"வரும்மா. கொஞ்சம் பொறு."

வரவில்லை. 'சமர்ப்பிக்கப்படவில்லை' என்றே நின்றது. டீச்சர் தன் கணினிக்கு விரைந்தாள். அமைப்புகளைத் திறந்து, தான் தட்டியது என்ன என்று படித்தாள். அலுவலகத்துக்கு ஓடினாள். எழுத்தர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"மெசேஜ் அப்பவே போயிடுச்சே டீச்சர். மார்க் இல்லாதவங்களுக்கெல்லாம் 'தேர்வை முடிக்கவில்லை'ன்னு."

நல்லவேளையாக, ஒவ்வொரு பக்கம் தாண்டும்போதும் விடைகள் சேமிக்கப்பட்டிருந்தன. கணினி ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நின்றுபோன ஒவ்வொருவரின் விடைத்தாளையும் மறுபடி திறந்தாள். நேரம் முன்பே தீர்ந்திருந்ததால் திறந்த உடனே அவை சமர்ப்பிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. பூனைக்கு ஒரே ஒரு கேள்விதான் விட்டுப்போயிருந்தது. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். சொல்ல ஓடியபோது மூலை நாற்காலி காலியாக இருந்தது.

"மெசேஜைப் பார்த்துட்டு அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு," என்றாள் பக்கத்துப் பெண். "பையை மட்டும் வாங்கிக்கிட்டாரு டீச்சர்."

பூனையின் வீட்டுக்குப் போன் போட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மாலை வெயில் இறங்குமுன் அவளே அந்த வீட்டுப் படியேறினாள். கதவைப் பாதி திறந்தவர் அப்பா. உள்ளே பாடப்புத்தகங்கள் எடைக்குப் போடுவதுபோல் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"தப்பு என்னோடதுங்க. பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லை. இதோ பாருங்க, அவதான் முதல்." அவள் போனை நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"காலையில முடிக்கலைன்னு சொன்னதும் இதே மெஷின்தானே டீச்சர்? நாளைக்கு என்ன சொல்லும்?"

உள்ளறை இருட்டில் பூனை நின்றிருந்தாள். கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

தலைமையாசிரியர் இரண்டு முறை நேரில் போய்ப் பேசிய பிறகு பெண் பள்ளிக்குத் திரும்பினாள். ஸ்கேல் டீச்சர் அடுத்த தேர்வுக்கு முன் அந்த அமைப்பை மாற்றினாள். நேரம் தீரும்வரை சும்மா உட்கார்ந்து சோதித்தாள். "முடிக்கலைன்னாலும் எழுதின வரைக்கும் தானா வந்துடும், யாரும் பயப்பட வேண்டாம்," என்று வகுப்பில் நின்று சொன்னாள்.

தேர்வு தொடங்கிப் பாதி நேரம்கூட ஆகவில்லை. மூலையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பூனை எழுந்து போயிருந்தாள். டீச்சர் அந்தத் திரைக்கு முன் குனிந்தாள். கடைசிப் பக்கங்களில் ஒரு கேள்வியும் தொடப்படவில்லை. 'அனைத்தையும் சமர்ப்பித்து முடி' மட்டும், நேரம் தீர்வதற்குள் முந்திக்கொண்டு, அழுத்தப்பட்டிருந்தது.