ஆரம்ப இருப்பு என்று ஒரு வரி

வேலை மாறுவதற்கு நான் போட்ட திட்டமும் எக்செல்லில்தான் இருந்தது. கணக்கு எழுதுகிறவன் புத்தி வேறு எங்கே போகும்?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பதினெட்டு வருடமாக நான்தான் கணக்கு. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் கணக்கு வேலை முழுவதும் சென்னைக் கிளைக்குப் போய்விடும் என்று முதலாளி தை மாதமே சொல்லிவிட்டார். நல்ல மனிதர், முன்கூட்டியே சொன்னார். அந்த நல்லதனம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வழி சொன்னது என் மனைவியின் தம்பி. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கிளவுட் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். "மாமா, இப்ப கம்பெனிங்க சர்வரை வாடகைக்குத்தான் எடுக்குது. மாசாமாசம் பில்லைப் பாத்து எல்லாரும் முழிச்சிக்கினு இருக்காங்க. எந்த டீம் எவ்ளோ செலவு பண்ணுது, எது சும்மா ஓடுதுன்னு பாத்து சொல்ல ஆள் வேணும். ஃபின்ஆப்ஸ்னு பேரு. உங்களுக்குக் கணக்கு தெரியும், பாதி வேலை முடிஞ்சிது."

மீதிப் பாதிக்கு ஆறு மாதம் ஒதுக்கினேன். முதல் இரண்டு மாதம் கிளவுட் அடிப்படை. மூன்றாவது மாதம் பில் விவரங்களைச் சலித்தெடுக்க எஸ்.க்யூ.எல். என்ற கணினி மொழி. நான்காவதில் சான்றிதழ்த் தேர்வு. ஐந்தாவதில் ஒரு மாதிரி பில்லை எடுத்து நானே அலசி அறிக்கை எழுதுவது. ஆறாவதில் விண்ணப்பம். தினமும் காலை நாலரையிலிருந்து ஆறரை வரை படிப்பு. எத்தனை மணி நேரம் படித்தேன் என்று அதே எக்செல் தாளில் தினமும் குறித்துக்கொண்டே வந்தேன். தேர்வில் முதல் தடவையே தேறினேன். மனைவி அன்று கேசரி கிண்டினாள்.

அதன்பின் ஒரு பயலும் பதில் போடவில்லை. இரண்டு வருட கிளவுட் அனுபவம் கேட்டார்கள். எனக்கு இருந்தது பதினெட்டு வருட பட்டு அனுபவம். ஆனி கடைசியில் ஒரே ஒரு கம்பெனி ஒரு பில் கோப்பை அனுப்பி, அதைப் படித்து அடுத்த மூன்று மாதச் செலவைக் கணித்துச் சொல்லச் சொன்னது. கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.

நான்கு நாள் உட்கார்ந்தேன். எந்த டீமுடையது என்று குறிச்சொல் இல்லாமல் கிடந்த செலவையெல்லாம் பிரித்துவிட்டேன். எந்த சர்வரிலும் மாட்டாமல் வாடகை மட்டும் தின்றுகொண்டிருந்த டிஸ்க்குகளைப் பிடித்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து வீடியோவில் பேசிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். டிஸ்க்குகளைப் பார்த்து, "நல்லா பிடிச்சிருக்கீங்க சார்" என்றார். பிறகு கணிப்புத் தாளுக்கு வந்தார்.

"சார், ஆரம்ப இருப்புன்னு ஒரு வரி இருக்கே, அது என்னது?"

அந்தக் கம்பெனி, சர்வரை வாடகைக்கு விடுகிறவர்களிடம் மணிக்கு இவ்வளவு டாலருக்குக் கட்டாயம் பயன்படுத்துகிறோம் என்று ஒரு வருட ஒப்பந்தம் போட்டுத் தள்ளுபடி வாங்கியிருந்தது. இரவில் அந்த அளவுக்குப் பயன்பாடு இல்லை. அந்த மிச்சத்தை எல்லாம் கூட்டி, அடுத்த மாதத்தின் முதல் வரியில் வைத்து, அந்த அளவுக்குச் செலவைக் குறைத்துக் காட்டியிருந்தேன். பெருமையாக விளக்கினேன்.

அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பேசியபோது குரலில் கோபமே இல்லை. "சார், அந்த மணி நேரத்துல யூஸ் பண்ணலன்னா போச்சு. அடுத்த மணிக்குக்கூட வராது. இதுல ஸ்டாக்னு ஒண்ணு கிடையாது."

எனக்குத் தெரியும். தேர்வில் இதே கேள்வி வந்தது, சரியாக எழுதினேன். ஆனால் கடையில் மாதக் கடைசியில் மீந்த ஜரிகையை நிறுத்து, மறுமாதத் தாளில் ஆரம்ப இருப்பு என்று முதல் வரியாக எழுதிப் பழகிய கை என்னைக் கேட்கவில்லை. மூன்று மாதக் கணிப்பும் அந்த ஒரு வரியில் நின்றது. மொத்தமும் தப்பு.

"தெரியும்மா, ஏதோ ஞாபகத்துல..." என்று இழுத்தேன். "பரவால்ல சார்" என்றார். அப்போதே புரிந்துவிட்டது. இரண்டு நாளில் மெயிலும் வந்தது.

மச்சானுக்கு ஃபோன் செய்தேன். "இன்னும் ரெண்டு மூணு இடம் போடுங்க மாமா" என்றான். போட்டேன். ஆடி முடிந்தது. கடைசி நாள் கடையில் ஜரிகையை நிறுத்து, இருப்பு எழுதி, சென்னைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி லேப்டாப்பில் என் திட்டத்தைத் திறந்து வைத்திருந்தாள். படித்த நேரம் மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் மணி என்று கீழே காட்டியது.

"இவ்ளோ படிச்சிருக்கீங்க. அது எங்க போயிடப் போவுது? அப்படியே தானே இருக்கும்?" என்றாள்.

நான் அந்தக் கோப்பை மூடினேன். இதுல ஸ்டாக்னு ஒண்ணு கிடையாது என்று அந்தப் பெண் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.