பட்டிக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ

மட்டாஞ்சேரியில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு வீட்டுக்கு நான்தான் பெயிண்டர். விருந்தினர் ஒருவர் தன் அறைச் சாவியைத் தொலைத்துவிட்டதால், அந்த அறைப் பூட்டில் சாவி நுழையும் சிலிண்டரை மாற்ற ஆசாரியை வரவழைத்திருந்தார்கள். கைப்பிடித் தகட்டைக் கழற்றியும் சிலிண்டர் அசையவில்லை.

"வேற ஸ்க்ரூ ஒண்ணும் இல்ல. இனி டிரில் பண்ணணும்," என்றார் ஆசாரி.

எனக்குச் சுருக்கென்றது. நான் மூன்று கோட் அடித்த கதவு அது!

"நில்லுங்க சேட்டா!"

கதவைத் திறந்து, அதன் விளிம்பில், சாவித் துளைக்கு நேரே சுரண்டினேன். போன மாதம் பெயிண்ட் அடிக்கும் முன் பள்ளங்களை அடைக்க நானே பூசிய பட்டி உதிர்ந்தது. உள்ளே ஸ்க்ரூவின் தலை மின்னியது. அதை முழுதாகக் கழற்றினேன். வீட்டில் மிச்சமிருந்த சாவியைப் போட்டுச் சற்றே திருப்பியதும், சிலிண்டரிலிருந்து துருத்திக்கொண்டிருந்த நாக்கு உள்ளடங்கி, சிலிண்டர் கையோடு வந்தது.

"எங்ஙனெ மனசிலாச்சு?" என்று ஆசாரி வியந்தார்.

"பதினெட்டு வருஷமா கதவு பார்க்கிறேன்," என்றேன். அங்கே பட்டி அடைத்தது யாரென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.