ஏறிட்டாராம், ஏறிட்டாரா

அன்று ஷட்டரைப் பாதி இறக்கியபோது கடைக்குள் மூன்று பேர் இருந்தோம். நான், மடவளையிலிருந்து வந்து கடை நடத்திய முதலாளி, யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்த அந்த அம்மாவின் மருமகளையும் சேர்த்தால் நான்கு.

சண்டை நடந்து, தமிழ் ஆட்கள் பிடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. கண்டி டவுனில் அந்தக் கொம்யூனிகேஷன் கடையில் மணிக்கு அறுபது ரூபாய்க்கு இன்டர்நெட். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு இன்டர்நெட் சாட்டில் எழுத்தாக வருவதை வாசித்துச் சொல்லி, அவர்கள் சொல்வதை அடித்து அனுப்புவது என் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடைக்கு வந்து கற்றுக்கொண்ட இங்கிலீஷ்தான். ஒவ்வொரு வரியையும் அனுப்பிவிட்டு, பிழையோ என்று மறுபடியும் வாசித்துப் பார்ப்பேன்.

அம்மாவின் மகன் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். அன்று விடியற்காலை லண்டனுக்கு ப்ளேன். ஆனால் இரவு லொட்ஜில் செக்கிங் நடந்து சிலரை ஏற்றிப்போனார்களாம். மகன் அதில் இருந்தாரா, ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டாரா என்று லொட்ஜ்காரருக்குத் தெரியவில்லை. போன் வேலை செய்யவில்லை. பிடிபட்டிருந்தால், பிடிபட்டவர்களைத் தேடித்தரும், மேட்டுத் தெருவிலிருந்த அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். அடுத்த நாள் போயா விடுமுறை, அதற்குப் பிறகு சனி, ஞாயிறு. மூன்று நாளில் ஒரு ஆளை எங்கே வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்.

மருமகள் லண்டனில் பிறந்தவள். தமிழ் தெரியாது. மூன்று மணிக்கு அவளுடைய வரி வந்தது.

'ஹி காட் ஆன் த ப்ளேன்.'

"என்ன எழுதியிருக்கிறா?"

"ப்ளேன் ஏறிட்டாராம், அம்மா."

"ஏறிட்டானாமோ? வடிவாப் பாத்துச் சொல்லும் பிள்ளை."

நான் மறுபடியும் பார்த்தேன். அதே ஐந்து சொல். "ஆமாங்கம்மா."

அந்த அம்மா கையில் பிடித்திருந்த மகனின் அடையாள அட்டைப் பிரதியை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தார். முதலாளி சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ். எறங்கினதும் எனக்கொரு ஸ்பொன்சர் லெட்டர் அனுப்பச் சொல்லுங்கம்மா. ஷட்டர் இழுத்து இழுத்துக் கை போச்சு."

"முதல்ல உம்மட உடைஞ்ச கதிரையை மாத்தும் தம்பி. பிறகு லண்டன் போகலாம்."

வெளியே பூட்ஸ் சத்தம். தெருவை மறித்துச் செக்கிங் நடந்தது. உள்ளே புழுக்கம். அந்த அம்மா சிரித்தது அன்றுதான் முதல் தடவை. நான் திரையிலிருந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். லண்டனில் இருக்கும் இவளுக்கு யார் சொன்னது?

போன மாதம் அந்த மருமகள் கடை போனில் பேசியது காதுக்குள் வந்தது. 'யூ ஆர் அம்மாஸ் ஃப்ரெண்ட்' என்றாள். கடைசிச் சொல்லில் குரல் மேலே ஏறியதால் கேட்கிறாள் என்று புரிந்தது. எழுத்தில் அந்த ஏற்றம் எங்கே? கேள்விக்குறியாவது போட வேண்டும். இவள் ஒருநாளும் போட்டதில்லை. தமிழில் அப்படி நழுவ முடியாது. ஏறிட்டாராம் என்றால் செய்தி, ஏறிட்டாரா என்றால் கேள்வி. வாயைத் திறந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

கேட்கிறீர்களா, சொல்கிறீர்களா என்று அடித்தேன். லைன் இழுத்தது. மணி மூன்று இருபத்தைந்து. பதில் வந்தது: 'ஆஸ்கிங். ப்ளீஸ் டெல் மீ.'

முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். "என்ன புள்ள?"

சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். "மெதுவாச் சொல்லு. ஆனா இப்பவே சொல்லு."

"அம்மா, மன்னிச்சிருங்க. அவங்க சொல்லலங்க. உங்கக்கிட்ட கேட்டிருக்காங்க. ஏறிட்டாரான்னு."

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேக்கைத் திறந்து அந்தப் பிரதியை வெளியே எடுத்தார். "அப்ப அவளுக்கும் தெரியாது" என்றார். பிறகு, "எத்தின மணி?"

முதலாளி ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கி, வெளியே நின்ற ஆமிக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ கெஞ்சினார். அந்த அம்மா குனிந்து வெளியே போனார். நான் மறுபடியும் உள்ளே. 'ஷி வென்ட் டு ரிப்போர்ட்' என்று மருமகளுக்கு அடித்து, இதையும் கேள்வியாக வாசித்துவிடுவாளோ என்று பயந்து, 'திஸ் இஸ் நாட் எ குவெஸ்சன்' என்று இன்னொரு வரி சேர்த்தேன்.

எட்டு நாள் கழித்து அந்த அம்மா கடைக்குப் போன் எடுத்தார். மூன்று ஐம்பதுக்குப் பெயர் பதிந்ததாம். அதை வைத்துத் தேடி மகனைக் கொழும்பில் ஒரு பொலிஸில் கண்டுபிடித்து, வெளியே விட்டுவிட்டார்களாம். "காசு தராமல் ஓடிட்டன் பிள்ளை. வந்து தாறன்" என்றார். வரவில்லை. மகனோடு கொழும்புக்கே போய்விட்டதாகக் கேள்வி.

மருமகள் மட்டும் சில மாதங்கள் கழித்துக் கடை ஐடிக்கு ஒரு வரி அனுப்பினாள். தமிழில் எப்படிக் கேட்பது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். 'யூ ஆர் ஓகே ஆ.'

அன்றைய கணக்கு ஒன்றேகால் மணி நேரம். எழுபத்தைந்து ரூபாய் இன்னும் நிற்கிறது.