நோயாளிக்கு முன் ஒரு காற்புள்ளி

தேக்காச் சந்தையில் மனோரஞ்சிதத்துக்கு மீன் விற்பவர்கள் தராசுத் தட்டை இரண்டு முறை துடைத்துக் காட்டுவார்கள். கேட்டுப் பெறும் மரியாதை அன்று அது. கேட்காமலே கொடுத்துவிட்டால் பேச்சு மிச்சம் என்று அவர்கள் கண்டுகொண்ட வழி. தட்டின் அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற பெண்மணியிடம் வேறு எப்படி வியாபாரம் செய்வது?

ஐம்பத்து மூன்று வயது. பொங்கோல் அடுக்குமாடி வீட்டில் தங்கையோடு வாசம். தகப்பனார் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த கடிதத்தை உறையோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே பிரிப்பார். அந்த வீட்டில் வளர்ந்த மூத்த மகள், மின்தூக்கிக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் பிழை கண்டுபிடித்துப் பேனாவால் திருத்திவிட்டு, குடியிருப்பாளர் குழுவிடம் ஒருமுறை மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அந்தச் சுபாவத்துக்குச் சம்பளம் கிடைக்கும் என்று அறிந்தது பிற்பாடுதான். ஜாலான் புசார் சாலையில், திருகாணியும் பூட்டும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவர் ஆங்கில மெய்ப்புத் திருத்துநர். ஆண்டறிக்கை, மருந்தகத் துண்டுப்பிரசுரம், கூட்டுரிமை வீடுகளின் விதிமுறை என்று அச்சுக்குப் போகும் முன் எல்லாம் அந்த மாடிக்கு வரும். எதையும் நம்பாமல் வாசிப்பதே வேலை. அந்த வேலையில் அவரைக் குறை சொன்னவர் இல்லை, இந்த ஆண்டு வரைக்கும்.

இந்த ஆண்டு புதுத் தரக்கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொருவரும் திருத்தி முடித்த கோப்புகளிலிருந்து சில பக்கங்களை எடுத்து ஒரு மென்பொருள் சலிக்கும். அது சிவப்புக் கோடிட்டவற்றை முனீரா என்ற புதிய பரிசோதகர் பார்த்து, பிழை என்று உறுதி செய்வார். உறுதியானவை ஐந்தைத் தாண்டினால் தோல்வி. வாசிப்பவருக்குப் பொருள் தடுமாறும் பிழை என்றால் ஒன்றே போதும். மூன்று முறை தொடர்ந்து தோற்றவருக்கு அதன்பின் வேலை வராது.

மனோரஞ்சிதம் இரண்டு முறை தோற்றிருந்தார்.

இரண்டிலும் ஒரே குற்றச்சாட்டு: வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் சொல்லுக்கோ தொடருக்கோ பிறகு காற்புள்ளி இல்லை. அவர் அந்தப் பக்கங்களை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேசையில் வெட்டிப் பிரித்துப் பார்த்தார். "In 2019 the clinic moved" என்பதில் காற்புள்ளி இட்டாலும் சரி, விட்டாலும் சரி. தொடர் சிறியது, பொருள் தெளிவு. எழுதியவர் ஆவணம் முழுக்க விட்டிருந்தால் அதைத் திணிப்பது திருத்துநரின் வேலையன்று. "On the second floor is the prayer room" என்பதில் இடவே கூடாது; அங்கே எழுவாய் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, இடையில் காற்புள்ளி வந்தால் வாக்கியம் இரண்டாகப் பிளந்துவிடும். இதையும் சேர்த்தா பிழைக் கணக்கில் எழுதியிருக்கிறாள்?

உண்மையான பிழை ஒன்றும் இருந்தது. "However" என்று தொடங்கி, முன் சொன்னதை மறுக்கும் வாக்கியம். அங்கே காற்புள்ளி வேண்டும், அவர் கவனிக்கவில்லை. ஆனால் அதை விட்டால் மற்றவை எல்லாம் விருப்பம் அல்லது வீண்பழி. அறியாமல் ஒருத்தி இத்தனை வீண்பழி போட மாட்டாள் என்று அவர் முடிவு கட்டினார்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் எல்லாமே சாட்சியாகத் தெரியத் தொடங்கியது. அவர் நடந்து போனால் முனீரா திரையைச் சிறிதாக்குகிறாள். முதலாளி அறையிலிருந்து வரும்போது இவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புகிறாள். பக்கத்து மேசைக் கீதனின் கோப்புகள் மட்டும் மாதாமாதம் பழுதில்லாமல் தேறுகின்றன. வயதானவர்களைக் கழித்துக் கட்ட முதலாளிக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைத் தயாரித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இப்படி யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

தங்கை மட்டும் மறுத்துப் பார்த்தாள். "உனக்குச் சோறு வடிக்கிற கஞ்சிமேலேயே சந்தேகம் லா," என்றாள்.

மனோரஞ்சிதம் சோதனை ஒன்று வைக்கத் தீர்மானித்தார். சர்க்கரை நோய்க்கான இரண்டு துண்டுப்பிரசுரங்கள் ஒரே நாளில் வந்திருந்தன. ஒன்று அவருக்கு, ஒன்று கீதனுக்கு. இருவரும் திருத்தி முடித்தபின் கோப்பின் தலைப்பில் பெயரெழுத்துகளை மாற்றி அனுப்புவது. அவருடைய பக்கங்கள் கீதன் பெயரில் தேறிவிட்டால் முனீராவின் கையும் களவும் ஒன்றாக அகப்படும்.

கீதன் முப்பதைத் தாண்டாத பையன். நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை செய்பவன். மனைவிக்குப் பிரசவ வலி கண்ட அன்று அவனுடைய பக்கங்களை இவர்தான் முடித்துக் கொடுத்திருந்தார். அந்த நன்றி இப்போது அவனைச் சங்கடத்தில் நிறுத்தியது.

"அக்கா, இது தேவைதானா? நேரா போய் முனீராகிட்ட கேட்டுடலாமே."

"கேட்டா திருடன் ஒத்துக்குவானா? ஒரு தடவை. ஒரே ஒரு தடவை."

அவன் எழுத்துகளை மாற்றினான்.

முடிவு வந்த காலையில் மனோரஞ்சிதம் தன் பெயருக்கு எதிரே 'தேர்ச்சி' என்று இருப்பதையும், கீதன் பெயருக்கு எதிரே 'தோல்வி' என்று இருப்பதையும் கண்டார். முதலில் வந்தது ஏமாற்றம். பெயர் மாறியும் சிவப்புக் கோடுகள் அவருடைய பக்கங்களைத்தான் தேடி வந்திருந்தன. அப்படியானால் முனீராவுக்குப் பெயரில் அக்கறையே இல்லை. கீதன் எதன் பின்னாலும் காற்புள்ளி இடுகிறவன். இடக்கூடாத இடத்தில் இட்டாலும் அந்த மென்பொருள் வாய் திறப்பதில்லை. அவன் தேறிவந்த ரகசியம் அவ்வளவுதான்.

ஏமாற்றம் அடங்குமுன் கீதன் அவருடைய மேசைக்கு வந்து நின்றான்.

"என் காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது அக்கா. ரினியூ பண்றதுக்கு முன்னாடி பாஸ் இந்த ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பாரு. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

"நான் பார்த்துக்கிறேன்," என்றார் அவர். எப்படி என்று அவருக்கே தெரியாது.

வழி ஒன்று இருந்தது. விருப்பமானவற்றையும் வீண்பழிகளையும் நீக்கச் செய்தால் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இறங்கும். கீதன் தேறிவிடுவான், பெயர் மாற்றிய கதையும் வெளியே வராது. மதிய உணவு வேளையில் முனீராவைத் தனியே பிடித்தார். கீதனுக்காகப் பேச வந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

முனீரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு சிவப்புக் கோடாக இருவரும் பார்த்தார்கள். ஆண்டு, மாதம், இடம் என்று தொடங்கும் சிறு தொடர்களை மனோரஞ்சிதம் சுட்டிக் காட்டினார். பிரசுரம் முழுக்க அவற்றுக்குக் காற்புள்ளி இல்லை, ஆகவே முறை மாறவில்லை. முனீரா மறுக்கவே இல்லை. பின்னால் போன எழுவாயைக் காட்டியபோது தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் தப்பில்லைன்னு எனக்கும் தெரியும் அக்கா. ஆனா சாஃப்ட்வேர் காட்டுறதை நான் தள்ளிவிட்டா, ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு எழுதணும். அதுக்கு டைம் தரமாட்டாங்க. நிறைய தள்ளினா, யாருக்கோ ஃபேவர் பண்றேன்னு என்னைச் செக் பண்ணுவாங்க. போன மாசம்கூடக் கேட்டாங்க, திருத்துறவங்கள்ல யாராச்சும் உனக்குச் சொந்தமான்னு."

இத்தனை நாள் மனோரஞ்சிதம் அவளைக் கண்காணித்திருந்தார். அவளோ அந்த நேரமெல்லாம் இன்னொரு கண்ணுக்குப் பயந்து திரையைச் சிறிதாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"Before eating the patient should check the sugar level."

முனீரா அதை மெல்ல வாசித்தாள். "இதை மட்டும் எடுக்க முடியாது," என்றாள். "வாசிக்கிறவங்க முதல்ல நோயாளியைச் சாப்பிடப் போயிருவாங்க, அப்புறம்தான் திரும்பி வருவாங்க."

சாப்பிடுமுன் நோயாளி சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்பது செய்தி. 'eating' என்பதன் பின் காற்புள்ளி இல்லாததால் நோயாளியே உணவாகிவிட்டான். சிறிய தொடர்தான்; ஆனால் இங்கே விருப்பம் என்ற பேச்சுக்கு இடமில்லை. பொருள் தடுமாறும் பிழை. ஒன்றே போதும்.

மனோரஞ்சிதத்தின் முதல் எண்ணம் பழைய பாதையிலேயே ஓடியது: நான் போட்டிருப்பேன், யாரோ எடுத்திருக்கிறார்கள். திருத்தத் தடங்களோடு சேமித்த கோப்பைத் திறக்கச் சொன்னார். அவருடைய ஒவ்வொரு திருத்தமும் நிறத்தில் தெரிந்தது. அதற்கு மேல் வரியில் "However" என்பதன் பின் காற்புள்ளி ஒன்று; அவர் இட்டது. முந்தைய தோல்வி நினைவில் குத்த, அந்தச் சொல்லையே தேடித் தேடி இட்டுக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வரியில் எந்தத் தடமும் இல்லை. எவரும் எதையும் எடுக்கவில்லை.

"கீதன்கிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா?" என்று முனீரா கேட்டாள். "நான் சொன்னா ரொம்ப உடைஞ்சிடுவான்."

கீழே கடையில் யாரோ இரும்புக் குழாய் அறுக்கும் சத்தம் ஓய்வதற்காக அவர் காத்திருந்தார். அது ஓய்ந்தது.

"இது கீதன் பக்கம் இல்லம்மா. என்னோடது. பேரை நான்தான் மாத்தச் சொன்னேன்."

"ஏன்?"

"உன்னைப் பிடிக்க."

முனீரா அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று மனோரஞ்சிதம் எதிர்பார்த்தார். வந்தது வேறொன்று. எந்தத் தாளைப் பார்த்தாலும் அவர் பார்க்கும் பார்வையை இப்போது அவளும் அவர்மேல் வைத்திருந்தாள்.

"அப்போ மத்த ஃபைல்லயும் பேர் மாத்தியிருக்கீங்களா அக்கா?"

"இல்ல."

"சரி," என்றாள் அவள், நம்பாமல்.

அன்று மாலையே இருவரும் முதலாளியிடம் போனார்கள். கீதனின் பெயரிலிருந்து தோல்வி நீங்கியது, ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. பெயர் மாற்ற உடன்பட்டதற்காக அவனுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அதை அவன் மனோரஞ்சிதத்திடம் காட்டவில்லை, வணக்கம் சொல்வதை மட்டும் சில வாரங்கள் குறைத்துக்கொண்டான். மென்பொருளின் கோடுகளைத் தள்ளுவதற்குக் காரணம் எழுத முனீராவுக்கு நேரம் ஒதுக்கினார்கள். பழைய கோடுகளையும் அப்படி மறுபடி பார்த்ததில் மனோரஞ்சிதத்தின் முதல் தோல்வி தேர்ச்சியாக மாறியது. ஆகவே மூன்று தொடர் தோல்வி என்ற கணக்கு நிற்கவில்லை. வேலை தப்பியது. மருத்துவப் பிரசுரங்கள் மட்டும் அவர் கையைவிட்டுப் போயின.

முதலாளியின் மின்னஞ்சல் இரண்டே வரி. "From next month a second reader will check all your pages" என்று முதல் வரி தொடங்கியது.

மனோரஞ்சிதத்தின் சுட்டி 'month' என்பதன் பின் போய் நின்றது. வரியை முன்னிருந்து ஒருமுறை, பின்னிருந்து ஒருமுறை பார்த்தார். தொடர் சிறியது. பொருள் எங்கும் தடுமாறவில்லை. வேண்டிய அளவுக்கு மேலாகவே தெளிவாக இருந்தது. பிழையில்லை.

அந்த இரண்டாம் வாசகர் யார் என்று இரண்டாம் வரி சொன்னது. அவர் தலையைத் திருப்பினார். முனீரா திரையைச் சிறிதாக்கவில்லை.