ஞானபாயும் மஞ்சள் படம் ஒட்டிய டப்பாவும்

கடியப்பட்டணம் ஞானபாய் தன் மருமகளுக்குக் கஞ்சியில் விஷ மாத்திரை பொடித்துக் கொடுத்து வயிற்றுப் பிள்ளையைக் கலைத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. மணவாளக்குறிச்சி சந்தை வரைக்கும் அது போயிருக்கிறது. மறைப்பானேன், நானும் நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது ஆளிடம் சொன்னபோது கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்தேன். அந்தப் பாவத்துக்காகவாவது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஞானபாய் மீன் விற்கிறவள். விடியுமுன் கடற்கரையில் ஏலம் எடுத்து, பஸ் பிடித்து, ஊர் ஊராகக் கூடை இறக்கி, மத்தியானம் தாண்டி வீடு சேருவாள். புருஷன் கிளீட்டஸ் விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். மகன் டிஜோ மஸ்கட்டில். அவன் பெண்டாட்டி டெல்சி மாமியார் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. இளைய மகள் பிரிஜாவுக்குக் குளச்சலில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கிளீட்டஸுக்குக் குடலில் புற்றுநோய் என்று திருவனந்தபுரத்தில் கண்டுபிடித்து அறுத்தார்கள். டிஜோ அப்போது லீவில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனான். ஊரில் சொன்னது குடலிறக்கம் என்று. பிறகு மாத்திரை. காலையும் ராத்திரியும் சாப்பிட்டு அரை மணிக்குள் மூன்று மூன்று, பதினாலு நாள். அப்புறம் ஏழு நாள் நிறுத்தம். மறுபடியும் முதலிலிருந்து.

மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்த பெண் டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி, கீழே கறுப்பெழுத்து.

“அம்மே, இந்தப் படம் கண்டோ? இது சாதாரண குளிக அல்ல. கேன்சரைக் கொல்லுகது நல்ல தசையையும் தொடும். அப்பச்சனுக்கு அது வேணும், உங்களுக்கு வேண்டாம். வெறுங்கையில தொடண்டா. மூடியில தட்டி அவரு வாயில இட்டா போதும். இடிக்கப் பிடாது, முறிக்கப் பிடாது. விழுங்கான் பற்றலைங்கி இங்க வந்து பறயணும். வீட்டில கர்ப்பிணி உண்டோ?”

“இல்ல மக்கா. ஆறு வருசமா அதுக்குத்தான் நேந்துக்கிட்டு கிடக்கோம்.”

“உண்டாயால் அவ இதைத் தொடவே பிடாது. அப்பச்சன் சர்த்திச்சு வாந்தி எடுத்தாலும் மூத்திரம் போனாலும் கையுறை இட்டுத்தான் கழுவணும். மாத்திரையை இந்தக் கவரில தன்னே வைக்கணும்.”

எல்லாம் ஞானபாய்க்குப் புரிந்தது. ஏலத்தில் கேரள வியாபாரிகளோடு கணக்கும் விலையும் மலையாளத்தில் பேசுகிறவளுக்கு இது புரியாமலா.

ஆனால் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறும்போது அவளுக்கு வேறொன்று புரிந்தது. மாப்பிள்ளையின் அக்கா நர்ஸ். அடுத்த மாதம் மாதா கோயிலில் ஓலை வாசிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு சாமியார் வாசிப்பார். அதற்குள் அந்த அக்கா வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால்?

“இவ அப்பனுக்கு வந்தது நாளைக்கு இவளுக்கும் வரும்னு சொல்லிருவாவ” என்றாள் கிளீட்டஸிடம்.

“ஏட்டி, அந்தப் புள்ள கவரை களையாதேன்னு சொல்லிச்சே.”

“நீரு சும்மா இரியும். மூணு ஓலை வாசிச்சு முடியட்டும், பொறவு மைக்செட் வச்சுச் சொல்லுவோம்.”

டப்பாவைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மாத்திரை அட்டையின் பின்னாலும் மருந்தின் பெயர் இருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக வெறும் விரலால் பிதுக்கி, டிஜோ அனுப்பிய மஸ்கட் மிட்டாய் டப்பாவில் கொட்டினாள். டெல்சியிடம், “மாமாக்க வாயுக் குளிகை. நான் சந்தைக்குப் போனா நீ எடுத்துக் குடு” என்றாள்.

டெல்சி நல்லபடியாகக் கொடுத்தாள். அதுதான் வினை. பத்து நாளில் கிளீட்டஸுக்கு வாயெல்லாம் புண். கஞ்சியே இறங்கவில்லை, மாத்திரை எங்கே இறங்கும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மாத்திரையை இடித்துக் கொடுப்பதுபோல, பூண்டு இடிக்கிற சின்ன உரலில் போட்டு இடித்து, விரலால் வழித்துத் தேனில் குழைத்து ஊட்டினாள். அவர் வாந்தி எடுத்தால் சேலைத் தலைப்பாலேயே துடைப்பாள். பெற்ற மகள்கூட அவ்வளவு பார்க்கமாட்டாள்.

இரண்டாம் சுற்று தொடங்கி, முதல் ஓலை வாசித்த வாரத்தில், டெல்சிக்குத் தலை சுற்றியது. மண்டைக்காட்டு டாக்டரம்மா பரிசோதித்து இரண்டு மாதம் என்றாள். டிஜோ மஸ்கட்டிலிருந்து போனில் அழுதான். ஞானபாய் கோயிலுக்கு ஓடி மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு ஓலைதானே என்று நினைத்தாள்.

மறுநாள் சந்தையிலிருந்து சீக்கிரம் வந்தவள் உரலின் விளிம்பில் வெள்ளைப் பொடியைக் கண்டாள். உரலுக்குள் மத்தியானக் குழம்புக்குப் பூண்டு. டெல்சி உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “மாமாக்கு முழுங்க முடியல மாமி, இடிச்சுக் குடுத்தேன்” என்றாள்.

ஞானபாய் பூண்டை அள்ளி வெளியே எறிந்தாள். உரலை மூன்று தடவை கழுவினாள். “நாளையிலேந்து அந்தக் குளிகையை நான் குடுக்கேன்” என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. விடியற்காலையில் அவள் போன பிறகுதான் கிளீட்டஸ் கஞ்சி குடிப்பார். வெறும் வயிற்றில் கொடுக்கவும் கூடாது. அதனால் டெல்சியே கொடுத்தாள்.

மூன்றாம் ஓலைக்கு மறுநாள் ஆஸ்பத்திரி முறை. ஞானபாய் கல்யாணச் சேலை எடுக்கப் போகவேண்டியிருந்ததால் கிளீட்டஸோடு டெல்சி போனாள். அதே பெண் அதே கேள்வியைக் கேட்டாள்.

“வீட்டில கர்ப்பிணி உண்டோ?”

“நான்தான். மூணாம் மாசம்.”

“குளிக ஆரு கொடுக்குகது?”

“நான்தான் இடிச்சுக் குடுக்கேன். வாயுக் குளிகைதானே?”

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, புது டப்பாவின் மஞ்சள் படத்தை டெல்சியின் பக்கம் திருப்பி வைத்தாள். கிளீட்டஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்த டெல்சி சத்தம் போடவில்லை.

“மாமி, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மக்கா.”

“எனக்கு வயித்துல உண்டானது தெரிஞ்ச பொறவும்?”

டெல்சி முட்டத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நாலாம் மாதம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. மருந்தால்தானா என்று கேட்டதற்கு, “அதனாலன்னு என்னால சொல்ல முடியாது. அது இல்லன்னும் சொல்ல முடியாது. தொட்டிருக்கக் கூடாது, அது மட்டும் சொல்லுவேன்” என்றாள் டாக்டரம்மா.

பிரிஜாவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தியில் அந்த நர்ஸ் அக்கா ஞானபாயைத் தனியே கூப்பிட்டு, “மாமாக்க உள்ளங்கை கறுத்துத் தோலுரிஞ்சிருக்கே, குளிகை எத்தனையாவது சுற்று? ஓலைக்கு முந்தி ஒறப்பு பேச வந்தப்பவே எனக்குத் தெரியும். இந்த நோய் நம்ம ஊருல யாருக்குத்தான் இல்ல” என்றாளாம்.

அப்புறம் கிளீட்டஸ் ஒன்றரை வருஷம் இருந்தார். மாத்திரை டப்பா படத்தோடு அலமாரி மேல்தட்டில் தனியாக இருந்தது. ஞானபாய் காலைச் சந்தையை விட்டாள். கையுறை போட்டு, மூடியில் தட்டி, அவர் விழுங்கியதும் கை கழுவுவாள். அவர் துணியைத் தனியாகத் துவைப்பாள். மிஞ்சிய மாத்திரைகளைத் திருவனந்தபுரத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். டெல்சி அடக்கத்துக்கு வந்து, மண் போட்டுவிட்டு, சாப்பிடாமல் போனாள். டிஜோ மஸ்கட்டுக்கே அவளை அழைத்துக்கொண்டான்.

போன மாதம் என் வீட்டு வாசலில் ஞானபாய் கூடையை இறக்கினாள். நான் சாளையைப் புரட்டிப் பார்க்கிற சாக்கில், “ஊருல ஒண்ணு சொல்லுதாவ, நீங்க கேட்டேளா?” என்றேன்.

“கஞ்சியில கலந்தேன்னுதானே? நீயும் சொன்னேன்னு என் காதுக்கு வந்துச்சு” என்றாள். “கேட்டுக்கோ. நான் அவளுக்கு ஒண்ணும் கலந்து குடுக்கல. படத்தைக் கிழிச்சேன், வாயுக் குளிகைன்னு பொய் சொன்னேன், உரல்ல பொடியைக் கண்டும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். சொல்லுகதா இருந்தா இதைச் சொல்லு.”