ஒஹாயோவில் அப்போதும் வெள்ளிக்கிழமைதான்

பேத்தி பிறந்த நாலாம் நாள் காலையில், விருதுநகர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு முனியராஜ் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தாத்தா ஆன பிறகு அவர் முழுசாகத் தூங்கியது மொத்தமே ஒரு ராத்திரிதான். ஆனாலும் யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டால் போதும், கண்ணைத் திறந்துவிடுவார். "மூக்கு என்னய மாதிரி" என்பார். வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் இந்த மூக்கு விவரம் தெரியும்.

அன்றைக்கு அவரை எழுப்பியது போன். ஒஹாயோவிலிருந்து அவருக்கு வேலை அனுப்புகிற லிண்டாவின் மெயில்; ராத்திரியே வந்தது, சிக்னல் கிடைத்து இப்போதுதான் சத்தம் போட்டது.

முனியராஜ் பத்தாவதோடு படிப்பை விட்டவர். சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் லேபிளுக்கும் காலண்டருக்கும் கலர் பிரித்துக் கொடுத்துத் தொழில் கற்றவர். அந்த அச்சாபீஸ் மூடியபின் எம். புதுப்பட்டியில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டார். அமெரிக்காவில் ஒஹாயோ என்ற மாநிலத்தில் மிட்டாய் பாக்கெட் அடிக்கிற கம்பெனி ஒன்றுக்கு, கலரும் மடிப்புக் கோடும் சரிபார்த்துக் கொடுக்கிறார். அங்கே காலை பதினொரு மணிக்கு வேலை கொடுப்பார்கள். இங்கே அப்போது ராத்திரி எட்டரை. முடிக்கும்போது ஒன்றரை ஆகிவிடும். திங்கள் முதல் வியாழன் வரைதான் வேலை. எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்று டைம்ஷீட்டில் எழுதி வாராவாரம் அனுப்ப வேண்டும்.

ஆரம்பத்தில் அந்த ஷீட்டோடு பெரும்பாடு பட்டார். இருபத்துநாலு மணிக் கணக்கில் தொடங்கியது இருபது முப்பது, முடித்தது ஒன்று முப்பது என்று ஒரே வரியில் போட்டால், வேலை பார்த்த நேரம் மைனஸ் பத்தொன்பது என்று சிவப்பாகக் காட்டியது. "அஞ்சு மணி நேரம் கண்ணு வலிக்கப் பாத்துட்டு, நாந்தான் அவுகளுக்குக் கடன் போலருக்கு" என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிற மணிமுத்துவிடம் புலம்பினார்.

"அது ஒண்ணுமில்லண்ணே. பன்னெண்டு மணியில வெட்டி ரெண்டு வரியாப் போடுங்க. மூணரை மணி நேரம் ஒரு தேதி, ஒன்றரை மணி நேரம் மறு தேதி. சிவப்பு போயிரும்."

சிவப்பு போய்விட்டது. ஒவ்வொரு வாரமும் வியாழக்கிழமை வேலையின் வால், வெள்ளிக்கிழமையில் ஒன்றரை மணி நேரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வாரக் கணக்கு சரியாக இருந்ததால் அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

போன வாரம் லிண்டா அவசரம் என்று கெஞ்சிக் கேட்டதால் வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்தார். ஒன்றரை மணி வரை பார்த்து, பைலை அனுப்பிவிட்டுப் படுத்தார். தலை சாயுமுன்னே, மகள் ரோஜாவுக்கு வலி கண்டுவிட்டது என்று மாப்பிள்ளை மகேஷ்குமார் போன் பண்ணினார். முனியராஜும் வள்ளித்தாயும் ஆட்டோ பிடித்து ஓடினார்கள். விடியுமுன்னே பெண்குழந்தை பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை டைம்ஷீட் அனுப்பும்போது சந்தோஷம் தாங்காமல் குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்: வெள்ளிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் எனக்குப் பேத்தி பிறந்தாள்.

இப்போது அதுதான் வினை. அங்கே கணக்குப் பிரிவில் கேட்டதை லிண்டா அவருக்கு அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை எங்கள் ஆபீஸே கிடையாது, அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் வேலை பார்க்க யார் சொன்னது? வெள்ளி ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் வெள்ளிக்கிழமை போட்ட நேரமாவது நிஜமா? இது தெளிவாகும்வரை உங்களுக்குப் புது வேலை கிடையாது. கடைசியில் லிண்டா தன் பங்குக்கு, எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது, விளக்கம் மட்டும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள்.

முனியராஜுக்குத் தூக்கம் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் பொய்க்கணக்கு எழுதினான் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ரோஜா பிள்ளையோடு வீட்டுக்கு வருகிற நாளில்தானா வேலை நிற்க வேண்டும்?

பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த வள்ளித்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னங்க, மூஞ்சி செத்துப்போச்சு?"

"வேல பாக்காம பாத்ததா எழுதிட்டேனாம்."

"யாரு, அந்த லிண்டாவா? நல்லவன்னு சொல்லுவீக."

"அவ இல்ல. கணக்குப் பாக்குறவுக."

"அவுகளுக்குப் பதில் எழுதுங்க."

"என்னத்த எழுத? நாம் போட்டது சரிதான்னு எனக்குத் தெரியும். அவுக கேக்குறதும் நியாயமாத்தான் தெரியுது."

அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா பேச்சியம்மாள், மகேஷ்குமாரின் தாய், ஒரு சீட்டை ஆட்டிக்கொண்டு வந்தாள். "சம்மந்தி, இதக் கேட்டீகளா? பிள்ள சனிக்கெழம பெறந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காக. வெள்ளிக்கெழம பெறந்த மகாலச்சுமியக் கொண்டுபோயி சனியில தள்ளிட்டாக."

"மணி நாலே முக்கா, சம்மந்தி. ஆஸ்பத்திரியில பன்னெண்டு அடிச்சா மறுநாளு."

"அவுக கடியாரம் அடிச்சா அடிக்கட்டும். பொழுது விடியாம நாள் எப்படி மாறும்? ஜாதகத்துல வெள்ளின்னுதான் எழுதுவாக."

"எழுதட்டும். பெறப்பு சர்ட்டிபிகேட்டுல சனி. ரெண்டும் இருந்துட்டுப் போகுது."

"ரெண்டு நாளா பெறந்துச்சு?" என்றாள் பேச்சியம்மாள். வள்ளித்தாய் சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

முனியராஜ் சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெயில் வந்த நேரம் செவ்வாய், அதிகாலை இரண்டு பத்து என்று மேலே இருந்தது. கீழே, கணக்குப் பிரிவு லிண்டாவுக்கு எழுதின இடத்தில், திங்கள் மாலை நாலரை மணி என்று இருந்தது. அவள் அதைக் கையில் வாங்கிப் பத்து நிமிஷத்தில் அனுப்பியிருக்கிறாள். அங்கே திங்கள்கிழமை வேலை முடிகிற நேரம், இங்கே செவ்வாய் பிறந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

டைம்ஷீட்டைத் திறந்து விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். தலைப்புக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. தேதியும் நேரமும் ஒஹாயோ கணக்கில் எழுதவும். ஆறு மாசமாக அந்த வரி அங்கேதான் இருந்திருக்கிறது. சிவப்பு மறைந்த சந்தோஷத்தில் அவர் அதற்கு மேலே ஒன்றும் படிக்கவில்லை.

"வள்ளி, நான் ராத்திரி ஒன்றரைக்கு அனுப்புறப்ப அங்க நாலு மணி. பட்டப்பகல். அதே வெள்ளிக்கெழம."

"அப்ப சனிக்கெழம?"

"அங்க சனிக்கெழம வரவே இல்ல. நானாத்தான் வரவழைச்சிருக்கேன்." மறுபடி விரல் விட்டு எண்ணினார். "பிள்ள பெறந்தப்பக்கூட அங்க வெள்ளிக்கெழம சாயங்காலந்தான்."

பேச்சியம்மாளுக்கு அது போதும். "பாத்தீகளா, அமெரிக்காக்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்று சீட்டை எடுத்துக்கொண்டு நர்ஸைத் தேடிப் போனாள்.

டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்து சேர மத்தியானம் ஆயிற்று. பிள்ளையைத் தொட்டிலில் போட்டபின் முனியராஜ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணியில் வெட்டின வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, பதினொன்று முதல் நாலு வரை, ஒரு நாளைக்கு ஒரே வரி என்று போட்டார். திங்களிலிருந்து வெள்ளி வரை ஐந்து ஐந்தாக நின்றது. சிவப்பும் இல்லை, வாலும் இல்லை. தப்பு என்னுடையது, நேரம் பொய்யில்லை, வெள்ளிக்கிழமை பைல் உங்களுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள் என்று எழுதி அனுப்பினார். அங்கே ஆபீஸ் திறக்க இங்கே சாயங்காலம் ஆறரை ஆக வேண்டும். அதுவரை படுக்கலாம் என்று போனார். தூக்கம் வரவில்லை.

ஏழு மணிக்குப் பதில் வந்தது. பைல் வெள்ளிக்கிழமை நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்ததாம். கணக்குப் பிரிவு ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆறு மாசத்துப் பழைய ஷீட்டுகளையும் இதே மாதிரி திருத்தி அனுப்ப வேண்டுமாம். இன்றைக்கே ஒரு வேலையும் இருக்கிறது, எட்டரைக்கு உட்கார முடியுமா என்று லிண்டா கேட்டிருந்தாள். நவம்பரில் எங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அப்புறம் உங்களுக்கு ஒன்பதரை, மறந்துவிடாதீர்கள் என்றும் இருந்தது.

"என்ன சொல்றாக?" என்றாள் வள்ளித்தாய்.

"ஒத்துக்கிட்டாக. நா பொய் சொல்லலையாம்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ராத்திரி வேல இருக்கு."

"இன்னைக்கி மட்டும் முடியாதுன்னு சொல்லிப் பாருங்களேன்."

"இன்னைக்கித்தான் சொல்ல முடியாது."

பகலெல்லாம் அசையாமல் தூங்கின பிள்ளை, சரியாக எட்டரைக்குச் சிணுங்க ஆரம்பித்தது. ரோஜா அசதியில் புரண்டு படுத்தாள். முனியராஜ் பேத்தியைத் தூக்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையால் டைம்ஷீட்டைத் திறந்தார்.

"ஒனக்கும் அங்கன பதினொரு மணியா, தாயீ?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, செவ்வாய் என்று எழுதினார்.